மோட்டாரை மாற்றுவதற்கு முன் ஒரு எல்இடியை ஒட்டிப் பாருங்கள்

கேள்வி: "எஃப்450 ஃப்ரேமில் 1000 கேவி மோட்டார், 10 அங்குல ப்ரொப்பெல்லர், 3 செல் பேட்டரி போட்டு, ஆர்டுயினோவில் நானே கோடு எழுதிய குவாட்காப்டர். எழும்புகிறது, ஆனால் நிற்காமல் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. மோட்டாருக்கு சக்தி பத்தவில்லை, பெரியது போடு என்கிறார்கள். போட்டால் ஆட்டம் நிற்குமா?"

நிற்காது. பெரும்பாலும் கூடும். இதே ஃப்ரேமில் இதே ஆட்டத்தோடு என் அக்கா மகள் ஒன்றரை மாதம் மல்லுக்கட்டினாள். கடைசியில் காரணம் மோட்டாரில் இல்லை, சென்சார் சொல்லும் செய்தி கணக்குக்கு வந்து சேரும் நேரத்தில் இருந்தது. அந்தக் கதையையே சொல்கிறேன். உங்கள் டிரோனில் எங்கே பார்க்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

அவளுடையதும் நீங்கள் சொல்லும் அதே கூட்டுதான். பேட்டரியோடு எடை 1.2 கிலோ. சாய்வையும் சுழற்சியையும் சொல்ல எம்பியு 6050 சென்சார். மொட்டை மாடியில் முதல் தடவை தூக்கியபோது முழங்கால் உயரத்துக்கு எழும்பி, வலமும் இடமும் மாறி மாறித் தலையசைத்து, நான்காவது ஐந்தாவது அசைவில் ஒரு காலைத் தரையில் இடித்துக்கொண்டு கவிழ்ந்தது. எனக்கு ஃபோன் வந்தது.

"மாமா, இதுக்கு சக்தி பத்தல. ஒரு பக்கம் சாயுறப்போ மோட்டாரால தூக்கி நிறுத்த முடியல."

பார்த்தவுடன் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சாய்கிறது, மீள நேரமாகிறது, ஆக பலம் இல்லை. நான் நேரில் போய்ப் பார்க்காமல், கணக்கு மட்டும் கேட்டேன். இந்த மோட்டாரும் இந்த ப்ரொப்பெல்லரும் 3 செல்லில் முழு வேகத்தில் ஒன்று சுமார் 800 கிராம் தூக்கும். நான்கும் சேர்ந்தால் 3 கிலோவுக்கு மேல். தூக்க வேண்டியது 1.2 கிலோ. பாதி பலம் கூட வேண்டாம், அந்தரத்தில் நிற்கலாம். "பலம் இருக்கு, வேற எதையோ பார்க்கணும்" என்றேன். அவள் கேட்கவில்லை. 4 செல் தாங்கும் பெரிய மோட்டார் நான்கும், 4 செல் பேட்டரியும் வாங்கிப் போட்டாள். ப்ரொப்பெல்லர் அதேதான். கோடில் ஒரு எண் கூட மாற்றவில்லை.

ஆட்டம் இரண்டு மடங்கானது. எழும்பின முதல் வினாடியிலேயே கவிழ்ந்தது, ஒரு ப்ரொப்பெல்லர் உடைந்தது.

அன்றைக்குத்தான் நான் கிளம்பிப் போனேன். அந்தத் தோல்வி எனக்கு மிகத் தெளிவான துப்பாகப் பட்டது. பலம் குறைவாக இருந்து ஆடினால், பலம் கூடும்போது ஆட்டம் குறைந்தாக வேண்டும். கூடியது என்றால் கணக்கு தலைகீழ். ஏன் கூடியது என்பது எளிது. டிரோனை நிமிர்த்தும் உங்கள் பிஐடி கணக்கு "இவ்வளவு சாய்வுக்கு இவ்வளவு த்ராட்டில்" என்றுதான் சொல்கிறது. மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், அதே த்ராட்டில் மாற்றத்துக்குக் கிடைக்கும் தூக்குவிசை ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது. அதாவது மோட்டாரை மாற்றியவள், தனக்குத் தெரியாமலே, சாய்வை எவ்வளவு பலமாக எதிர்ப்பது என்று சொல்லும் பி எண்ணைத்தான் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டாள். ஏற்கெனவே எல்லையில் ஆடிக்கொண்டிருந்த டிரோன் எல்லையைத் தாண்டிவிட்டது.

முதலில் பழைய மோட்டார்களைத் திரும்பப் பூட்டச் சொன்னேன். பிறகு துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து, ஃப்ரேமின் நடுத்தட்டு வழியாக இடமிருந்து வலமாகக் கோத்து, இரண்டு கனமான மர நாற்காலிகளுக்கு இடையில் இழுத்துக் கட்டினோம். இப்போது டிரோன் முன்னும் பின்னும் மட்டும் சாயலாம், வேறு எங்கும் போக முடியாது. பாதுகாப்பாக ஆடவிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. நாற்காலிக்குப் பின்னால் நின்று த்ராட்டிலை ஹோவர் அளவுக்குக் கொண்டுபோனால், ஆட்டம் அப்படியே வந்தது. ஃபோனில் படமெடுத்து எண்ணினோம். பத்து வினாடியில் முப்பத்து நான்கு தடவை. அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு 294 மில்லிவினாடி.

இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அடுத்தது, மோட்டாருக்குப் போகும் கட்டளையைப் பார்ப்பது. அவள் ஏற்கெனவே Serial.print போட்டுப் பார்த்திருந்தாள், அதுவும் 9600 வேகத்தில். அந்த வேகத்தில் ஓர் எழுத்து போக ஒரு மில்லிவினாடி ஆகும். 64 எழுத்துத் தேக்கம் நிரம்பிவிட்டால் முழு நிரலும் காத்து நிற்கும். 4 மில்லிவினாடிக்கு ஒரு முறை ஓட வேண்டிய சுற்று முப்பது, நாற்பது என்று இழுத்துக்கொண்டு போகும். அளக்கப் போனதே நோயைக் கூட்டிவிடும். அதனால் பறக்கும்போது எதையும் அச்சிடாமல், சுழற்சி வேகம் ஒன்று, மோட்டார் கட்டளை ஒன்று என்று 200 ஜோடி எண்களை ஆர்டுயினோவின் நினைவிலேயே சேர்த்து, மோட்டார் நின்ற பிறகு அச்சிட்டோம். 200 எண் என்றால் 0.8 வினாடி. கிட்டத்தட்ட மூன்று ஆட்டம் அதில் அடங்கும். போதும்.

அந்த எண்களில் முதலில் தெரிந்தது, பலம் பற்றிய சந்தேகத்துக்கு முடிவு. கட்டளை 1380-க்கும் 1560-க்கும் இடையில் போய் வந்துகொண்டிருந்தது. உச்சம் 2000. ஒரு தடவை கூட 1600-ஐத் தொடவில்லை. பலம் பத்தாத டிரோன் இப்படி இருக்காது. அதில் ஏதாவது ஒரு மோட்டாரின் கட்டளை உச்சியில் போய் முட்டிக்கொண்டு, தட்டையான கோடாக நிற்கும். அப்படி முட்டியும் சாய்வு மீளவில்லை என்றால்தான் பெரிய மோட்டார் பற்றி யோசிக்க வேண்டும்.

"அப்ப மோட்டாரால முடியும், ஆனா அதுகிட்ட கேக்கவே இல்ல" என்றாள். அந்த இடத்தில்தான் அவள் மனம் மோட்டாரை விட்டது.

இனி கேட்பது எப்போது என்ற கேள்வி. கோடில் சென்சாரைத் தொடங்கும் பகுதியைத் திறந்தோம்.

```
Wire.beginTransmission(0x68);
Wire.write(0x1A);
Wire.write(0x05);
Wire.endTransmission();
```

0x1A என்பது எம்பியு 6050-க்கு உள்ளேயே இருக்கும் வடிகட்டியின் இடம். அதில் 5 என்று எழுதினால், சுழற்சியை அளக்கும் கைரோவுக்கு 10 ஹெர்ட்ஸ் வடிகட்டி. சிப்பின் பதிவேட்டுக் கையேட்டில் இதற்கு நேராகவே தாமதமும் போட்டிருக்கும்: 13.4 மில்லிவினாடி. அதற்குக் கீழே அவளே எழுதிய எட்டு வாசிப்புச் சராசரி ஒன்று. நான்கு மில்லிவினாடிக்கு ஒன்றாக எட்டு எண்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், கிடைப்பது இப்போதைய நிலை இல்லை, நடுவில் இருக்கும் எண்ணின் காலத்து நிலை. அதாவது 14 மில்லிவினாடிக்கு முந்தைய செய்தி. சுற்று முடியக் காத்திருப்பது, கணக்குப் போடுவது, மோட்டாரை ஓட்டும் இஎஸ்சிக்குத் துடிப்பு போய்ச் சேர்வது எல்லாம் சேர்த்து இன்னொரு 7. மொத்தம் சுமார் 35.

ஏன் இப்படி இரண்டு வடிகட்டி போட்டாள் என்று கேட்டேன். திரையில் வரைபடம் பார்த்தபோது அதன் கோடு ரம்பப் பல் மாதிரி துடித்ததாம். வடிகட்டி போட்டதும் கோடு வழவழப்பாகிவிட்டது, அழகாக இருந்தது. இது அவள் மட்டும் செய்யும் தவறு இல்லை. சென்சாரைப் படிப்பவர்கள் எல்லாரும் முதலில் இங்கேதான் போவார்கள். திரையில் கோடு மட்டும் தெரிகிறது, கோடு எவ்வளவு பழையது என்பது தெரிவதில்லை.

35 மில்லிவினாடி என்பது கண் சிமிட்டும் நேரத்தை விடக் குறைவு. அதற்குப் போய் ஒரு டிரோன் கவிழுமா? இங்கேதான் அந்த 294 வேண்டும்.

ஓர் ஆட்டம் தானாக நீடிக்க வேண்டும் என்றால், தடுக்கப் போன விசை அரை ஆட்டம் பிந்தி வந்து சேர வேண்டும். அப்போது டிரோன் ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருக்கும், தடுக்க வந்த விசை அதே திசையில் தள்ளிவிடும். ஊஞ்சலைத் தடுக்கப் போன கை, அது திரும்பிப் போகும்போது முதுகில் பட்டால் என்ன ஆகும்? அதேதான். இங்கே அரை ஆட்டம் என்பது 147 மில்லிவினாடி. இதை யார் யார் சேர்ந்து நிரப்புகிறார்கள் என்று பார்ப்போம். விசை கொடுத்தவுடன் வேகம் மாறிவிடாது, விசை சேரச் சேரத்தான் மாறும். இயற்பியலின் இந்தப் பங்கு எப்போதும் கால் ஆட்டம், அதாவது 73. அதில் கைவைக்க முடியாது. 10 அங்குல ப்ரொப்பெல்லர் கட்டளை வந்தவுடன் வேகம் எடுக்காது. இந்த ஆட்ட வேகத்தில் அதன் பங்கு 38 வரை வரும். 73-உம் 38-உம் 111. மிச்சம் 36.

அந்த 36-ஐ நிரப்பியதுதான் அவளுடைய 35. சிமிட்டும் நேரம்தான், ஆனால் வேறு இரண்டு தாமதங்கள் முக்கால் பங்கு நிரப்பி வைத்த பாத்திரத்தில் கடைசியாக ஊற்றியது அது. தாளில் இந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டியபோது அவள் ரொம்ப நேரம் பேசவில்லை.

கூட்டல் ஒத்துவந்ததால் மட்டும் நம்பிவிடக்கூடாது. கையேட்டு எண்ணை வைத்துப் போட்ட கணக்கு அது. உண்மையில் அவ்வளவு தாமதம் இருக்கிறதா என்று நேரே பார்க்க வேண்டும். அதற்கு ஒரு எல்இடியும், வினாடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் ஸ்லோமோஷன் உள்ள ஃபோனும் போதும். ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு, எட்டாவது பின்னில் எல்இடியைக் கட்டி, ஃப்ரேமின் விளிம்பில் ஒட்டினோம். தொடக்கத்தில் pinMode(8, OUTPUT) போட்டு, சுற்றின் கடைசியில் ஒரே ஒரு வரி.

```
digitalWrite(8, abs(gyroY) > 15);
```

இங்கே கவனிக்க வேண்டியது, gyroY என்பது சராசரிக்குப் பிறகு வரும் எண். பிஐடி எதைப் பார்க்கிறதோ அதையேதான் எல்இடியும் பார்க்க வேண்டும். சென்சாரின் நேர் எண்ணைக் கொடுத்தால் பாதித் தாமதம் ஒளிந்துகொள்ளும். பிறகு, ஃப்ரேமின் ஒரு கையை விரலால் சட்டென்று தட்ட வேண்டும். மெதுவாகச் சாய்த்தால் வினாடிக்கு 15 டிகிரி வேகத்தைத் தொடவே நேரமாகிவிடும், அதையும் தாமதம் என்று எண்ணிவிடுவோம்.

வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினோம். விரல் படுகிறது. அடுத்த ஃப்ரேமில் கையின் நுனி பின்னால் இருக்கும் சுவர்க்கோட்டை விட்டு விலகுகிறது. அதுதான் பூஜ்யம். ஒன்று, இரண்டு, மூன்று. டிரோன் நன்றாகவே சாய்ந்துவிட்டது, எல்இடி கருப்பாகவே இருக்கிறது. நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவதில் ஒரு சிவப்புப் புள்ளி. பத்துத் தடவை தட்டினோம், ஏழு அல்லது எட்டு, வேறு எண் வரவே இல்லை. ஒரு ஃப்ரேம் 4.2 மில்லிவினாடி. ஏழு என்றால் 29. இஎஸ்சி பக்கத் தாமதம் இதில் வராது, ஆக வடிகட்டி, சராசரி, கொஞ்சம் சுற்று நேரம் என்று போட்ட கணக்கோடு அப்படியே பொருந்தியது. கை எவ்வளவு தூரம் சாய்ந்த பிறகு அந்தச் சிவப்பு எரிந்தது என்று பார்த்தபோதுதான் எனக்கே அதன் அளவு மனதில் ஏறியது.

மாற்ற வேண்டியது என்ன என்பது இப்போது தெரிகிறது. ஆனால் வடிகட்டியை எடுத்து எறிவது விடை இல்லை. அவளும் அதைத்தான் முதலில் செய்தாள். 5 இருந்த இடத்தில் 0 போட்டாள், சராசரியையும் நீக்கினாள். கயிற்றில் ஆட்டம் போய்விட்டது, ஆனால் மோட்டார்கள் கரகரவென்று கத்தின. ஒரு நிமிடத்தில் நிறுத்தித் தொட்டால் கை வைக்க முடியாத சூடு. ரம்பப் பல்லாக வந்த அதிர்வு முழுவதும், மாறும் வேகத்தைப் பார்க்கும் டி கணக்கு வழியாக மோட்டாருக்குப் போய், அவை வீணாக வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தன. ஹோவரில் இந்த ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்குச் சுமார் 4,500 சுற்று சுற்றும். சமநிலை இல்லாவிட்டால் வினாடிக்கு 75 உதறல். வடிகட்டி அதற்காகத்தான் வேண்டியிருந்தது.

அதனால் அதிர்வைப் பிறக்கும் இடத்திலேயே குறைத்தோம். ஒவ்வொரு ப்ரொப்பெல்லரையும் நடுத்துளையில் மெல்லிய கம்பி கோத்துப் படுக்கையாக நிறுத்தி, எந்தப் பக்கம் கீழே இறங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்க இறக்கையின் முதுகில் செல்லோடேப் துண்டு ஒட்டினோம். நான்கில் ஒன்றுக்கு விரல் நகம் அளவுத் துண்டு மூன்று தேவைப்பட்டது. மற்றவற்றுக்கு ஒன்று. சென்சார் பலகை நேராகத் தட்டில் திருகப்பட்டிருந்தது. அதைக் கழற்றி, இருபக்கமும் ஒட்டும் ஃபோம் டேப்பில் உட்கார வைத்தோம். இந்த இரண்டுக்கும் ஒரு மாலை ஆனது. பிறகு வடிகட்டியில் 3 என்று எழுதினோம். அது 42 ஹெர்ட்ஸ், தாமதம் 4.8. 75-இல் வரும் உதறலை ஓரளவு அடக்கும், 3-இலும் 6-இலும் வரும் உண்மையான அசைவை அதிகம் பிந்தவிடாமல் தரும். எட்டு வாசிப்புச் சராசரி போனது போனதுதான்.

எல்இடியை மறுபடி தட்டிப் பார்த்தோம். இரண்டு ஃப்ரேம்.

35 இருந்த மொத்தத் தாமதம் 12-க்கு வந்துவிட்டது. இதில் கிடைக்கும் லாபம் ஆட்டம் நிற்பது மட்டும் இல்லை. ஆடத் தொடங்கும் எல்லையே தள்ளிப் போகிறது. மோட்டார் வேகமெடுக்கும் காலம் 50 மில்லிவினாடி என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஆடாமல் வைக்கக்கூடிய பி எண் இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது. அவள் பழைய எண்ணின் இரண்டு மடங்கில் நிறுத்தினாள். காற்று தள்ளினாலும் டிரோன் உடனே எதிர்த்து நின்றது. முன்பு ஆட்டத்துக்குப் பயந்து பி-ஐக் குறைத்தபோதெல்லாம், ஆட்டம் அடங்கி, கூடவே டிரோன் சோம்பேறியாகிப் போயிருந்தது. அந்த இரண்டும் சேர்ந்தே வருவதும் தாமதத்தின் அடையாளம்தான். "இப்பதான் மாமா, அது நான் சொல்றத கேக்குது" என்றாள். பழைய 1000 கேவி மோட்டாரில், 3 செல்லில்.

உங்கள் டிரோனும் இதே நோயா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் ஆட்டத்தின் வேகம் நிறையச் சொல்லும். வினாடிக்கு மூன்று, நான்கு, ஐந்து என்று கண்ணால் எண்ணக்கூடிய பெரிய ஆட்டம் என்றால் இந்தக் கதை பொருந்தும். எண்ண முடியாத வேகத்தில், ஒலியாகவே கேட்கும் நடுக்கம் என்றால் டி அதிகம், அல்லது ஒரு கை தளர்ந்திருக்கிறது. திருகுகளை முறுக்கிப் பாருங்கள். மேலே போகும்போது நன்றாக இருந்து, இறங்கும்போது மட்டும் உதறினால், தன் ப்ரொப்பெல்லர் கலக்கிவிட்ட காற்றிலேயே இறங்குகிறது. அதற்குக் கொஞ்சம் முன்னோக்கி நகர்ந்துகொண்டே இறக்குங்கள்.

முதலில் கட்டளையை நினைவில் சேர்த்து, 2000-ஐ முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டவில்லை என்றால் மோட்டாருக்குக் காசு போட வேண்டாம். பிறகு ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு எல்இடியை ஒட்டி எண்ணுங்கள். ஐந்து ஃப்ரேமுக்கு மேல் வந்தால், கோடில் 0x1A-க்குப் பின் என்ன எண் எழுதியிருக்கிறீர்கள் என்பதையும், சராசரி எடுக்கும் வரி எங்காவது இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு மூன்று ஃப்ரேம்தான் வருகிறது, ஆனாலும் ஆடுகிறது என்றால், எல்இடிக்குப் பிந்தைய பாதியைப் பார்க்க வேண்டும். இஎஸ்சிக்குத் துடிப்பு எத்தனை மில்லிவினாடிக்கு ஒன்று போகிறது? சாதாரண சர்வோ நூலகம் வைத்து எழுதியிருந்தால் அது 20 மில்லிவினாடிக்கு ஒன்று. இந்தக் கதையின் முழுத் தாமதத்தில் பாதிக்கு மேல் சில சமயம் அங்கேயே போய்விடும்.